ஒரே ஸனது, ஐந்து பெயர்கள்: ஒரு ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரைத் தரம் பிரிப்பது எப்படி?

'கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை.' மதரஸா ஆண்டு விழா, பள்ளிக்கூடப் பரிசளிப்பு, ஜும்ஆ மேடை என்று எங்கு போனாலும் இந்த ஹதீஸ் காதில் விழும். இப்னு மாஜாவின் சுனனில், முன்னுரைப் பகுதியில், 224ஆம் எண்ணில் இது இருக்கிறது. ஹதீஸ் கலைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களிடம் நான் முதலில் இதைத்தான் கொடுப்பேன். ஸஹீஹ் என்றால் ஆதாரமானது, ஹஸன் என்றால் அதற்கு அடுத்த தரம், ளயீஃப் என்றால் பலவீனமானது என்று வரைவிலக்கணங்களை மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு ஸனதை, அதாவது அறிவிப்பாளர் தொடரை, கையில் கொடுத்ததும் திகைத்து நிற்கிறவர்கள் நிறையப் பேர். இந்த ஒரு ஸனதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் பாதிப் பாடம் தானாகப் புரிந்துவிடும்.

ஸனது இப்படிப் போகிறது. இப்னு மாஜா சொல்கிறார்: எங்களுக்கு ஹிஷாம் இப்னு அம்மார் அறிவித்தார், எங்களுக்கு ஹஃப்ஸ் இப்னு சுலைமான் அறிவித்தார், எங்களுக்கு கஸீர் இப்னு ஷின்ளீர் அறிவித்தார், முஹம்மது இப்னு ஸீரீன் வழியாக, அனஸ் இப்னு மாலிக் (ரலி) வழியாக, நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக.

இப்னு மாஜாவுக்கும் நபி (ஸல்) அவர்களுக்கும் இடையில் ஐந்து பேர். இப்போது இந்த ஐந்து பெயர்களையும் விசாரிக்க வேண்டும்.

முதல் கேள்வி: சங்கிலி அறுந்திருக்கிறதா?

ஒரு ஹதீஸ் ஸஹீஹ் ஆக ஐந்து நிபந்தனைகள் உண்டு. தொடர் அறுபடாமல் இருக்க வேண்டும் (இத்திஸால்). ஒவ்வொரு அறிவிப்பாளரும் நேர்மையானவராக இருக்க வேண்டும் (அதாலத்). கேட்டதைக் கேட்டபடி காத்துச் சொல்லும் துல்லியம் வேண்டும் (ளப்து). தன்னைவிட வலுவானவர்களுக்கு முரணாக அறிவித்திருக்கக் கூடாது (ஷுதூத் இன்மை). மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத உள்குறை எதுவும் இருக்கக் கூடாது (இல்லத் இன்மை). முதல் மூன்றையும் ஸனதைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். கடைசி இரண்டுக்கும் அந்த ஹதீஸின் மற்ற வழிகளையெல்லாம் திரட்டி ஒப்பிட்டாக வேண்டும்.

தொடர்ச்சியைப் பார்க்க இரண்டு தடயங்கள் உண்டு. ஒன்று, ஆண்டுகள். ஹிஷாம் பிறந்தது ஹிஜ்ரி 153, இறந்தது 245. ஹஃப்ஸ் இறந்தது ஹிஜ்ரி 180. ஹஃப்ஸ் இறக்கும்போது ஹிஷாமுக்கு 27 வயது. அப்படியென்றால் அவரிடமிருந்து கேட்டிருக்க முடியும். இப்னு மாஜா பிறந்தது 209, இறந்தது 273. ஹிஷாமிடம் நேரில் கேட்டவர். இந்தப் பக்கம் இப்னு ஸீரீனின் தந்தை ஸீரீன், அனஸ் (ரலி) அவர்களிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ஆசிரியரின் வீட்டோடு ஒட்டி வளர்ந்த மாணவர் என்பதால் அங்கே சந்திப்பைப் பற்றிக் கேள்வியே எழாது.

இன்னொரு தடயம், அறிவிப்பாளர் பயன்படுத்தும் சொல். 'ஹத்தஸனா' என்றால் எங்களுக்கு அறிவித்தார், நேரில் கேட்டோம் என்று பொருள். 'அன்' என்றால் வெறுமனே 'அவர் வழியாக' என்றுதான் பொருள். நேரில் கேட்டாரா, இடையில் யாராவது இருந்தார்களா என்பதை அந்தச் சொல் சொல்லாது. நம் ஸனதில் மேலே மூன்று இடங்களில் ஹத்தஸனா, கீழே இரண்டு இடங்களில் அன். அன் வந்துவிட்டாலே தொடர் அறுந்துவிட்டது என்று எழுதும் மாணவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. அறிவிப்பவர் தத்லீஸ் செய்பவராக, அதாவது இடையில் ஒருவரை மறைத்துவிட்டு மேலே உள்ளவரிடமே நேரில் கேட்டதுபோலத் தோன்றும்படி சொல்பவராக இருந்தால்தான் அன் சந்தேகத்துக்கு உரியது. அந்தப் பழக்கம் இல்லாதவர் அன் என்று சொன்னால், இருவரும் ஒரே காலத்தவர், சந்திக்க வாய்ப்பு இருந்தது என்பதே இமாம் முஸ்லிமுக்குப் போதும். இமாம் புகாரி ஒரு படி மேலே போய், சந்தித்தார்கள் என்பதே உறுதியாக வேண்டும் என்கிறார். நம் ஸனதில் இந்த இடத்தில் பிரச்சினை இல்லை. கஸீரும் இப்னு ஸீரீனும் ஒரே ஊர்க்காரர்கள், பஸ்ராவைச் சேர்ந்தவர்கள்.

ஆக, சங்கிலி அறுபடவில்லை. இனி அதன் கண்ணிகளைப் பார்ப்போம்.

துல்லியத்தை எப்படி அளந்தார்கள்?

ஒருவர் நேர்மையானவரா என்பதை அவரோடு பழகியவர்கள் சொல்லிவிடலாம். அவருடைய நினைவாற்றல் சரியா என்பதை எப்படி அளப்பது? இங்கேதான் ஹதீஸ் விமர்சகர்களின் உழைப்பு தெரிகிறது. அவர்கள் செய்தது அடிப்படையில் ஓர் ஒப்பீடு. ஓர் ஆசிரியருக்குப் பத்து மாணவர்கள் இருந்தால், பத்துப் பேரின் அறிவிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

இதற்கு யஹ்யா இப்னு மயீன் (மறைவு ஹிஜ்ரி 233) பற்றிய ஒரு செய்தியை இப்னு ஹிப்பான் பதிவு செய்திருக்கிறார். ஹம்மாத் இப்னு ஸலமாவின் நூல்களைக் கேட்பதற்காக இப்னு மயீன் பஸ்ராவில் மூஸா இப்னு இஸ்மாயீலிடம் போகிறார். 'இதை வேறு யாரிடமும் நீங்கள் கேட்கவில்லையா?' என்று மூஸா கேட்கிறார். '17 பேரிடம் கேட்டுவிட்டேன், நீங்கள் 18ஆவது ஆள்' என்கிறார் இப்னு மயீன். இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கத்தைத் தேர்வில் எழுதலாம். ஹம்மாதின் மாணவர்கள் அனைவரும் ஒரே மாதிரி பிழையாகச் சொன்னால் அந்தப் பிழை ஹம்மாதுடையது. எல்லோரும் ஒன்றைச் சொல்ல ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொன்னால் பிழை அந்த மாணவருடையது. யாருடைய பிழை எது என்று பிரிக்கத்தான் 18 பேர்.

அறிவிப்பாளர்களின் குறை நிறைகளை எடைபோடும் ஜர்ஹ் வ தஃதீல் நூல்களில் 'ஸிகா' (நம்பகமானவர்), 'ஸதூக்' (உண்மையாளர்) என்றெல்லாம் ஒற்றைச் சொல்லில் வருகிற தீர்ப்புகளுக்குப் பின்னால் இந்த மாதிரி ஒப்பீடு இருக்கிறது. இப்னு ஹஜர் (மறைவு ஹிஜ்ரி 852) 'தக்ரீபுத் தஹ்தீப்' நூலில் இந்தச் சொற்களை 12 படிகளாக அடுக்கினார். முதல் படி நபித்தோழர்களுக்கு. அடுத்த இரண்டு படிகளில் ஸிகா வகையினர். நான்காவதில் ஸதூக். ஐந்தாவதில் 'ஸதூக், ஆனால் தவறு செய்வார்' போன்றோர். எட்டாவதில் ளயீஃப். பத்தாவதில் மத்ரூக், அதாவது கைவிடப்பட்டவர். கடைசி இரண்டும் பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் இட்டுக்கட்டியவர்களுக்கும். 12 படிகளையும் மனப்பாடம் செய்வதைவிட, நான்காம் படிக்கும் பத்தாம் படிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை உணர்வதுதான் முக்கியம்.

ஐந்து பேரும் எங்கே நிற்கிறார்கள்?

அனஸ் (ரலி) நபித்தோழர். சுன்னத் வல் ஜமாஅத் அறிஞர்கள் நபித்தோழர்களின் நேர்மையைத் தனியாக விசாரிப்பதில்லை. இப்னு ஸீரீன் (மறைவு ஹிஜ்ரி 110) ஸிகா, ஸப்து, அதாவது நம்பகமானவர், உறுதியானவர். கருத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொற்களை மாற்றி அறிவிப்பதை ஏற்காதவர், கேட்ட சொல்லையே சொல்ல வேண்டும் என்று நினைத்தவர். 'இந்த அறிவு மார்க்கம். உங்கள் மார்க்கத்தை யாரிடமிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள்' என்ற கூற்று இவருடையதுதான். இமாம் முஸ்லிம் அதைத் தன் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார்.

கஸீர் இப்னு ஷின்ளீர் கொஞ்சம் இறங்குகிறார். இவர் ஸதூக், ஆனால் தவறு செய்வார் என்பது இப்னு ஹஜரின் முடிவு. புகாரியிலும் முஸ்லிமிலும் இவர் அறிவிப்பு இருக்கிறது. புகாரியில் பெயர் இருக்கிறதே, அப்புறம் எப்படி இவரைக் குறைத்துச் சொல்வது என்று கேட்பார்கள். புகாரி ஓர் அறிவிப்பாளரின் ஹதீஸ்களில் எது சரியானது என்று தேர்ந்து எடுத்துப் பதிவு செய்தார். அந்தத் தேர்வு, அந்த அறிவிப்பாளர் வேறு நூல்களில் அறிவிக்கும் எல்லாவற்றுக்கும் கொடுத்த சான்றிதழ் ஆகாது.

மேலே ஹிஷாம் இப்னு அம்மார். டமாஸ்கஸ் பள்ளியின் கதீப், புகாரிக்கும் ஆசிரியர். ஸதூக். ஆனால் ஒரு குறிப்பு உண்டு: வயதானபோது யாராவது எடுத்துக்கொடுத்தால் அதை அப்படியே ஏற்றுச் சொல்லிவிடுவார், அதனால் அவருடைய பழைய ஹதீஸ்களே சிறந்தவை. இதைத் தல்கீன் ஏற்பது என்பார்கள். ஒரே மனிதரின் அறிவிப்பு, எந்த வயதில் அவரிடம் கேட்கப்பட்டது என்பதைப் பொறுத்துத் தரம் மாறலாம்.

நடுவில் இருப்பவர் ஹஃப்ஸ் இப்னு சுலைமான். இவரிடம்தான் நாம் நிதானமாக நிற்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இருக்கும் குர்ஆன் பிரதியின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். பல பிரதிகளில், 'ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ் அறிவித்த ஓதல் முறைப்படி' என்று எழுதியிருக்கும். அந்த ஹஃப்ஸ்தான் இவர். கூஃபாவைச் சேர்ந்தவர், ஓதல் கலை இமாமான ஆஸிமின் வளர்ப்பு மகன். உலகில் இன்று பெரும்பான்மை முஸ்லிம்கள் ஓதுவது இவர் வழியாக வந்த கிராஅத். அதே ஹஃப்ஸைப் பற்றி இமாம் புகாரி, 'அவரைக் கைவிட்டுவிட்டார்கள்' என்றார். இப்னு மயீன், 'நம்பகமானவர் அல்லர்' என்றார். ஷுஃபா, 'என்னிடமிருந்து ஒரு நூலை வாங்கிப் போனார், திருப்பித் தரவில்லை. மக்களின் நூல்களை வாங்கிப் படியெடுப்பார்' என்று குறைப்பட்டார். இப்னு ஹிப்பான், அவர் ஸனதுகளை மாற்றிவிடுவார், நபித்தோழரின் பெயர் இல்லாமல் வரும் முர்ஸலானவற்றை நபி (ஸல்) வரை தொடரும் ஸனதாக ஆக்கிவிடுவார் என்றார். இப்னு கிராஷ் கடுமையாகப் பொய்யர் என்றே சொல்லிவிட்டார். மறுபக்கம் வகீஃ இவரை ஸிகா என்றார். இமாம் அஹ்மதிடமிருந்து இரண்டு விதமான கருத்துகளும் வந்துள்ளன.

இத்தனையையும் எடைபோட்டு இப்னு ஹஜர் ஒரே வரியில் முடிக்கிறார்: ஓதல் கலையில் இமாமாக இருந்தும், ஹதீஸில் மத்ரூக். தஹபீயும் இதையே சொல்கிறார்: ஓதலில் ஸிகா, ஸப்து, துல்லியமானவர், ஹதீஸில் அவர் நிலை அப்படி அல்ல.

இது மாணவர்களைக் கலங்க வைக்கும் இடம். ஓதலில் நம்பியவரை ஹதீஸில் நம்பாமல் விடுவது எப்படி? அதாலத்தையும் ளப்தையும் பிரித்துப் பார்க்காததால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ளப்து என்பது ஒரு துறையில் ஒருவர் செலவிட்ட உழைப்பின் விளைவு. ஹஃப்ஸ் குர்ஆனை ஒரே ஆசிரியரிடம், அதுவும் தான் வளர்ந்த வீட்டிலேயே, திரும்பத் திரும்ப ஓதிக் காட்டிக் கற்றார். ஹதீஸோ பல ஆசிரியர்களிடமிருந்து வந்த ஏராளமான ஸனதுகள். எந்த வாசகம் யாரிடமிருந்து யார் வழியாக வந்தது என்ற கோவை மாறாமல் வைத்திருக்க வேண்டும். அந்தக் கோவைதான் ஹஃப்ஸிடம் கலைந்தது. ஆஸிமையே எடுத்துக்கொள்ளுங்கள். தக்ரீபில் அவரும் ஹதீஸில் 'ஸதூக், சில தவறுகள் உண்டு', ஓதலில் ஆதாரம்.

அப்படியானால் அந்தக் கிராஅத் பலவீனமா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. அது ஹஃப்ஸ் ஒருவரின் ஹதீஸ் ஸனதுபோலத் தனித்து நிற்கவில்லை. அதே ஆஸிமிடமிருந்து ஷுஃபா என்று அழைக்கப்படும் அபூபக்ர் இப்னு அய்யாஷும் ஓதலை அறிவித்திருக்கிறார். (ஹஃப்ஸைக் குறைசொன்ன ஷுஃபா வேறு, அவர் ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ். பெயர்க் குழப்பத்தில் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிடாதீர்கள்.)

தீர்ப்பு எழுதுவது

ஒரு தொடரின் தரம் அதன் மிகப் பலவீனமான கண்ணியின் தரம்தான். இப்னு ஸீரீன் எவ்வளவு உறுதியானவராக இருந்தாலும் ஹஃப்ஸின் குறையை அவரால் ஈடுகட்ட முடியாது. எனவே இப்னு மாஜாவின் இந்த ஸனது ளயீஃப். மத்ரூக் ஒருவர் இருப்பதால், ளயீஃப் ஜித்தன், அதாவது மிகவும் பலவீனமானது என்று எழுதினாலும் சரி. பூஸீரீயும் இப்னு மாஜாவின் ஸனதுகளை ஆராய்ந்தபோது ஹஃப்ஸைக் காரணம் காட்டியே இதைப் பலவீனம் என்றார்.

இங்கே நிறுத்திவிட்டால் பாதி மதிப்பெண்தான். 'ஸனது ளயீஃப்' என்பதும் 'ஹதீஸ் ளயீஃப்' என்பதும் ஒன்றல்ல. முதலாவது, கையில் இருக்கும் இந்த வழியைப் பற்றியது. இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் எல்லா வழிகளையும் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வாசகம் அனஸ் (ரலி) அவர்களிடமிருந்தே பல மாணவர்கள் வழியாக வருகிறது. ஒரே நபித்தோழரிடமிருந்து வரும் இணை வழிக்கு முதாபஆ என்று பெயர். அபூ ஸயீத் அல்குத்ரீ, இப்னு உமர், இப்னு அப்பாஸ் (ரலி) போன்ற வேறு நபித்தோழர்கள் பெயராலும் வருகிறது. வேறு தோழர் வழியாக அதே கருத்து வந்தால் அது ஷாஹித். இந்த வழிகளிலும் தனித்தனியே குறைகள் உண்டு. குறையுள்ள பல வழிகள் சேர்ந்து ஒரு ஹதீஸை உயர்த்துமா?

குறையின் தன்மையைப் பொறுத்தது அது. நினைவாற்றல் சற்றுக் குறைந்தவர், தொடரில் சிறு இடைவெளி போன்றவை ஈடுசெய்யத்தக்கவை. இரண்டு பேரும் தனித்தனியே ஒரே தவறைச் செய்திருக்க வாய்ப்பு குறைவு என்பதால் ஒன்று மற்றொன்றைத் தாங்கும். அப்படி உயர்வதை ஹஸன் லிகைரிஹி என்பார்கள், பிற வழிகளால் ஹஸன் ஆனது. ஆனால் மத்ரூக், பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகியோரின் வழிகளை எத்தனை சேர்த்தாலும் ஏறாது. ஆகவே ஹஃப்ஸின் வழி இந்தக் கணக்கில் சேராது. மற்ற வழிகள்தான் கணக்கில் வரும்.

அந்த வழிகளைப் பார்த்த அறிஞர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. இமாம் அஹ்மத், இந்தத் தலைப்பில் எதுவும் எங்களிடம் நிரூபணமாகவில்லை என்றார். பைஹகீ, வாசகம் பிரபலம், ஸனது பலவீனம் என்றார். நவவீயும் ஸனதைப் பலவீனம் என்றே சொன்னார், கருத்து சரி என்றாலும். மிஸ்ஸீயோ, இதன் வழிகள் சேர்ந்து ஹஸன் தரத்தை எட்டுகின்றன என்றார். சுயூத்தீ 50 வழிகளைத் திரட்டி, ஸஹீஹ் லிகைரிஹி என்று முடிவு செய்தார். என்னைக் கேட்டால், மிஸ்ஸீயின் நிதானமான முடிவே மனதுக்கு ஒட்டுகிறது. ஆனால் தேர்வில் ஒருவரின் முடிவை மட்டும் எழுதாமல், முடிவுகள் எதனால் பிரிகின்றன என்று எழுதுங்கள். மற்ற வழிகளின் குறை, ஈடுசெய்யத்தக்க அளவுக்குச் சிறியதா என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள்.

ஒட்டிக்கொண்டு வரும் சொற்கள்

வழிகளைச் சேர்த்து ஒரு ஹதீஸை உயர்த்தும்போது, எல்லா வழிகளிலும் பொதுவாக இருக்கும் வாசகம் மட்டுமே உயர்கிறது. இதை மறந்துவிடுவதால் நடக்கும் தவறுகள் மூன்றை இந்த ஹதீஸிலேயே காட்டலாம்.

இப்னு மாஜாவின் அறிவிப்பில் ஒரு தொடர்ச்சி உண்டு: தகுதியற்றவரிடம் கல்வியை வைப்பவர், பன்றிகளுக்கு மாணிக்கமும் முத்தும் தங்கமும் அணிவிப்பவரைப் போன்றவர். முதல் பாதி பிற வழிகளால் உயர்ந்தாலும் இந்தப் பாதி ஹஃப்ஸின் பலவீனத்தோடேயே நின்றுவிடுகிறது. முதல் பாதியை ஏற்ற அறிஞர்கள் இந்தக் கூடுதலை ஏற்கவில்லை.

அடுத்தது, நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்து கேட்ட 'சீனா சென்றாயினும் கல்வியைத் தேடுங்கள்.' அதன் முழு வாசகத்தின் கடைசியிலும் 'ஏனெனில் கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை' என்று வருகிறது. வால் ஒன்றாக இருப்பதால் தலையும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஹஸன் இப்னு அதிய்யா, அபூ ஆதிகாவிடமிருந்து, அவர் அனஸ் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிப்பதாக வருகிறது. அபூ ஆதிகாவை புகாரி 'முன்கருல் ஹதீஸ்' என்றார். புகாரியின் வழக்கில் இது மிகக் கடுமையான சொல், அப்படிப்பட்டவரிடமிருந்து அறிவிப்பதே கூடாது என்ற பொருளில் வருவது. இப்னு ஹிப்பான் அந்த ஹதீஸை அடிப்படையற்றது என்றார். இப்னுல் ஜவ்ஸீ (மறைவு ஹிஜ்ரி 597) இட்டுக்கட்டப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்தார். சீனாவைப் பற்றிய பகுதிக்குத் தாங்கிப் பிடிக்கத் தகுந்த வழி இல்லை. வால் வேறு வழிகளால் நிற்கிறது, தலை நிற்கவில்லை.

மூன்றாவது, தமிழ் மேடைகளில் இந்த ஹதீஸ் பெரும்பாலும் 'முஸ்லிமான ஆண், பெண் இருபாலர் மீதும் கடமை' என்றே சொல்லப்படுகிறது. 'வ முஸ்லிமத்தின்' என்ற அந்தச் சொல் இதன் எந்த வழியிலும் இல்லை என்று ஸகாவீ (மறைவு ஹிஜ்ரி 902) தேடிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். கருத்து சரிதான், 'ஒவ்வொரு முஸ்லிமும்' என்ற சொல்லிலேயே பெண்ணும் அடங்குகிறாள். அதற்காக நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஒரு சொல்லைக் கூட்ட முடியாது. கேள்வித்தாளில் இந்தக் கூடுதலோடு ஹதீஸைக் கொடுத்து 'தரத்தை ஆராய்க' என்று கேட்டிருந்தால், ஹஃப்ஸுக்குப் போவதற்கு முன் இதை எழுதிவிடுங்கள்: கொடுக்கப்பட்ட வாசகம் இப்னு மாஜாவில் அப்படி இல்லை.